இடம் மாறும் ஆறு சொற்கள்: அந்தாதியும் செஸ்டினாவும்

திருவனந்தபுரத்தைப் பாடும் நம்மாழ்வாரின் திருப்பதிகம் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் இரண்டாவதாக அமைந்துள்ளது. அதன் முதற்பாடல் 'இன்று' என்னும் சொல்லில் முடிகிறது. இரண்டாம் பாடல் அதே சொல்லில் தொடங்குகிறது. முடியும் இடத்தில் அச்சொல் ஒரு தீர்மானம்: அனந்தபுர நகருக்குள் நுழைவது நாளையன்று, இன்றே என்பது. தொடங்கும் இடத்தில் அதுவே பிறருக்குச் சொல்லும் அறிவுரை: இன்று சென்று புகுந்தால் விளையும் நன்மை இன்னது என்பது. இரு பாடல்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைக் கடக்கும்போது சொல் மாறவில்லை. அதைச் சொல்பவரின் முகம் திரும்பியிருக்கிறது. தனக்குள் எடுத்த முடிவு ஊருக்கு விடுக்கும் அழைப்பாகிவிட்டது.

அந்தாதித் தொடையின் வேலை இதுதான். ஒரு பாடலின் இறுதி அடுத்ததன் முதலாகிறது. திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் இவ்வாறே கோக்கப்பட்டவை. 'உயர்வு' என்று தொடங்கிய நூல் 'உயர்ந்தே' என்று முடிந்து, மாலையின் இரு முனைகளும் இணைகின்றன. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தாதியில் ஒரு சொல் இரண்டு பாடல்களுக்கு மட்டுமே கடமைப்பட்டது. 'இன்று' என்பது தன் பாலத்தைக் கடந்ததும் விடுதலை பெறுகிறது. மூன்றாம் பாடலை வேறொரு சொல் தொடங்கிவைக்கிறது.

அந்தச் சொல்லை விடுவிக்காமல் கவிதை முடியும்வரை உடன் அழைத்துச் சென்றால் என்ன ஆகும்? நம்மாழ்வாருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், இன்றைய பிரான்சின் தென்பகுதியில், ஆக்சித மொழியில் பாடிய அர்னோ தானியேல் என்னும் கவிஞரின் பாடல் ஒன்று இக்கேள்விக்கு விடையாக அமைந்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த அப்பாடலின் வடிவத்துக்குப் பின்னர் இத்தாலியர் இட்ட பெயர் செஸ்டினா. ஆறு என்னும் எண்ணிலிருந்து பிறந்த பெயர் அது.

ஆக்சித மொழிக் கவிஞர்களாகிய துருபதூர்கள் இயைபில் வல்லவர்கள். ஒரு பகுதியின் அடிகள் தமக்குள் இயைந்து வருவது ஒரு முறை. ஒரு பகுதிக்குள் எந்த அடியும் மற்றோர் அடியோடு இயையாமல், அடுத்த பகுதியின் அடியோடு மட்டும் இயைவது மற்றொரு முறை. இரண்டாம் முறையில் கேட்பவரின் செவி ஓர் ஒலியை நினைவில் ஏந்தி, அதன் துணைக்காக அடுத்த பகுதிவரை காத்திருக்க வேண்டும். அர்னோ இதைவிட ஒரு படி மேலே சென்றார். ஒத்த ஒலியுடைய வேறு சொற்களைத் தேடாமல் அதே சொல்லையே மீண்டும் அடியிறுதியில் நிறுத்தினார். நுழைதல், நகம், ஆன்மா, கோல், மாமன், உள்ளறை ஆகியன அவர் தேர்ந்த ஆறு சொற்கள். காதலியின் உள்ளறைக்குள் நுழைய விழையும் ஒருவனும், அவனைத் தடுக்கும் உறவும் அச்சொற்களிலேயே அடங்கியிருப்பதைக் காணலாம்.

அவர் அமைத்த விதி எளியது. ஆறு பகுதிகள், பகுதிக்கு ஆறு அடிகள். முதற்பகுதியின் அடியிறுதிச் சொற்களை 1 முதல் 6 வரை எண்ணிட்டால், இரண்டாம் பகுதியில் அவை 6, 1, 5, 2, 4, 3 என்று வரும். கடைசிச் சொல், முதற்சொல், கடைசிக்கு முந்தையது, இரண்டாவது என இரு ஓரங்களிலிருந்தும் மாறிமாறி எடுத்து நடுவை நோக்கிச் சுருளும் வரிசை இது. மூன்றாம் பகுதிக்கு இரண்டாம் பகுதியையே மூலமாகக் கொண்டு மீண்டும் அதே சுருள். ஆறு பகுதிகள் முடிந்தபின் இன்னொரு முறை சுருட்டினால் 1, 2, 3, 4, 5, 6 என்னும் முதல் வரிசை திரும்ப வந்துவிடும். கவிதை அவ்விடத்தில் நின்று, ஆறு சொற்களையும் அடிக்கு இரண்டாக ஏற்கும் மூன்றடி முடிப்போடு நிறைவுறுகிறது. மொத்தம் 39 அடிகள்.

ஒவ்வொரு பகுதியின் கடைசிச் சொல்லே அடுத்த பகுதியின் முதலடியை முடிக்கிறது என்பதை இங்கே காணலாம். அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே சொல்லில் முடிகின்றன. அந்தாதியின் பாலம் செஸ்டினாவுக்குள்ளும் இருக்கிறது. அது அடியின் தொடக்கத்தில் அமையாமல் அடியின் இறுதியில் அமைந்துள்ளது என்பதே வேறுபாடு.

விதியின் ஆழம் வேறோரிடத்தில் உள்ளது. ஆறு பகுதிகளின் எண்வரிசையையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, ஒவ்வொரு சொல்லும் ஆறு இடங்களிலும் சரியாக ஒருமுறை நிற்கிறது. முதற்பகுதியில் முதலடியில் நின்ற சொல் அடுத்தடுத்த பகுதிகளில் 2, 4, 5, 3 ஆகிய இடங்களைக் கடந்து, ஆறாம் பகுதியில் கடைசி அடியை அடைகிறது. இரண்டாவது, ஆறு சொற்களில் எந்த இரண்டை எடுத்தாலும், அவை ஒரே பகுதிக்குள் அடுத்தடுத்த அடிகளில் அண்டைவீட்டாராக அமர்வது சரியாக இரண்டு முறை. ஆறு சொற்களிலிருந்து 15 இணைகள் பிறக்கும். பகுதிக்கு ஐந்தாக 30 அண்டை இடங்கள் உள்ளன. ஓர் இணையும் விடுபடுவதில்லை; ஓர் இணையும் மூன்றாம் முறை சேர்வதில்லை. எந்தச் சொல்லும் மற்றொன்றைச் சந்திக்காமல் தப்பிக்க முடியாத அமைப்பு இது.

எல்லா எண்ணுக்கும் இந்தச் சுருள் பலன் தருமா என்றால், தராது. நான்கு சொற்களை வைத்துச் சோதித்தால் 1, 2, 3, 4 என்பது 4, 1, 3, 2 ஆகும். பிறகு 2, 4, 3, 1 ஆகும். அதன்பின் தொடக்க வரிசை வந்துவிடும். நான்காம் பகுதிக்கு வேலையே இல்லை. மூன்றாம் சொல்லோ தன் இடத்தைவிட்டு நகரவே இல்லை. 20ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் ரெமோன் கெனோ இதைக் கணிதச் சிக்கலாக எடுத்துக்கொண்டு, எந்தெந்த எண்களுக்குச் சுருள் முழுச்சுற்று வரும் என்று ஆராய்ந்தார். 5, 6, 9, 11 ஆகியவற்றுக்கு வரும். 4, 7, 8, 10 ஆகியவற்றுக்கு வாராது.

சொல்வரிசையை மாற்றுவதால் மட்டும் பொருள் விளைந்துவிடாது என்பதற்கும் தமிழிலேயே சான்று உண்டு. 7ஆம் நூற்றாண்டின் திருஞானசம்பந்தர் சீகாழியைப் பாடிய திருச்சக்கரமாற்றில் அவ்வூரின் பன்னிரண்டு பெயர்களும் பாடல்தோறும் வருகின்றன. அவற்றின் வரிசை மாறிக்கொண்டே இருக்கிறது. ஆயினும் பன்னிரண்டும் ஒரே ஊரைச் சுட்டுவன. எதை எதற்கு அருகில் வைத்தாலும் அவற்றுக்கிடையே தூரம் பிறப்பதில்லை. எப்படிச் சுழன்றாலும் ஊர் ஒன்றே என்று காட்டுவதே அப்பதிகத்தின் நோக்கமும் ஆகும். செஸ்டினாவின் சொற்களோ வெவ்வேறு பொருள்களைச் சுட்டுவன. அவற்றுக்கிடையே தூரம் உண்டு. ஆகையால் அது குறைவதும் கூடுவதும் பொருளாகிறது.

இவ்வடிவம் தாந்தே வழியாக இத்தாலிய மொழிக்குள் நுழைந்தது. பெத்ரார்க்கா தம் கான்சொனியரே தொகுப்பின் 366 கவிதைகளில் ஒன்பதைச் செஸ்டினாவாக அமைத்தார். ஆங்கிலத்தில் பிலிப் சிட்னி தம் ஆர்கேடியாவில், இரண்டு மேய்ப்பர்கள் மாறிமாறிப் புலம்புவதாக, பன்னிரண்டு பகுதிகள் கொண்ட இரட்டைச் செஸ்டினா ஒன்றைப் பாடினார். மலை, பள்ளத்தாக்கு, காடு, இசை, காலை, மாலை என்பன அதன் சொற்கள். 1930இல் வெளியான தம் திறனாய்வு நூலில் வில்லியம் எம்சன் இக்கவிதையை எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் அச்சொற்கள் எவ்வாறு பொருளைச் சேர்த்துக்கொண்டே செல்கின்றன என்று காட்டினார். நெடுங்காலம் வெறும் சொல்விளையாட்டு என்று கருதப்பட்ட வடிவத்தைத் தீவிரமாக வாசிக்க அது வழிவகுத்தது.

அவ்வாறு வாசிப்பதற்கு மிகவும் ஏற்றது அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப் எழுதி, 1965இல் வெளியான அவருடைய தொகுப்பில் இடம்பெற்ற கவிதை. அதன் தலைப்பே 'செஸ்டினா'. பிஷப் பிறந்த எட்டாம் மாதத்தில் தந்தை இறந்தார். 1916இல், அவருக்கு ஐந்து வயதாக இருக்கையில், தாய் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மகள் அவரை மீண்டும் காணவே இல்லை. கனடாவின் நோவா ஸ்கோசியாவில், தாய்வழிப் பாட்டி தாத்தாவின் வீட்டில் குழந்தை சில காலம் வளர்ந்தது. கவிதையில் இவற்றில் ஒன்றுகூடச் சொல்லப்படவில்லை. மழை பெய்யும் மாலையொன்றில் ஒரு பாட்டியும் குழந்தையும் சமையலறையில் இருக்கிறார்கள். கவிதையின் நிகழ்ச்சி அவ்வளவே.

அதன் அடியிறுதிச் சொற்களைத் தமிழில் வரிசைப்படுத்தினால் இவ்வாறு அமையும்:

முதற்பகுதி: வீடு, பாட்டி, குழந்தை, அடுப்பு, பஞ்சாங்கம், கண்ணீர்
இரண்டாம் பகுதி: கண்ணீர், வீடு, பஞ்சாங்கம், பாட்டி, அடுப்பு, குழந்தை
மூன்றாம் பகுதி: குழந்தை, கண்ணீர், அடுப்பு, வீடு, பாட்டி, பஞ்சாங்கம்
நான்காம் பகுதி: பஞ்சாங்கம், குழந்தை, பாட்டி, கண்ணீர், வீடு, அடுப்பு
ஐந்தாம் பகுதி: அடுப்பு, பஞ்சாங்கம், வீடு, குழந்தை, கண்ணீர், பாட்டி
ஆறாம் பகுதி: பாட்டி, அடுப்பு, கண்ணீர், பஞ்சாங்கம், குழந்தை, வீடு

'கண்ணீர்' என்னும் சொல்லை மட்டும் பின்தொடரலாம். முதற்பகுதியில் பாட்டி இரண்டாம் அடியில் இருக்கிறாள். கண்ணீர் ஆறாம் அடியில் இருக்கிறது. அவள் அதைக் குழந்தையிடமிருந்து மறைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் அவளுடைய கண்ணீருக்கும் இடையில் குழந்தை, அடுப்பு, பஞ்சாங்கம் ஆகிய மூன்றும் நிற்கின்றன. அவளும் குழந்தையோடு அடுப்பருகே அமர்ந்து, பஞ்சாங்கத்தின் நகைச்சுவைத் துணுக்குகளை வாசித்தபடியேதான் அதை மறைக்கிறாள். சொற்களின் தூரமும் மறைப்பின் தூரமும் ஒன்றாகிவிடுகின்றன.

இரண்டாம் பகுதியில் கண்ணீர் முதலடிக்கு வந்து வீட்டை அண்டைவீடாகப் பெறுகிறது. கூரைமேல் விழும் மழையோடு அது இணைக்கப்படுகிறது. மூன்றாம் பகுதியில் கண்ணீரும் குழந்தையும் முதன்முறையாக அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் குழந்தை காண்பது பாட்டியின் கண்களை அன்று. கெண்டியிலிருந்து சூடான அடுப்பின்மேல் தெறித்துக் குதிக்கும் நீர்த்துளிகளை. நான்காம் பகுதியில் பாட்டியும் கண்ணீரும் ஒருவழியாக அருகருகே வருகின்றன. கண்ணீர் இப்போது அவளுடைய கோப்பையில் தேநீராக நிறைந்திருக்கிறது. தன் துயரத்தை அவளே பருக வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் பகுதியில் குழந்தை, கண்ணீர், பாட்டி மூன்றும் தொடர்ச்சியாக வருகின்றன. குழந்தை ஒரு வீட்டை வரைந்து, அதில் ஒரு மனிதனையும் வரைகிறது. அவன் சட்டைப் பொத்தான்கள் கண்ணீர்த் துளிகள் போன்றிருக்கின்றன. அந்தப் படத்தைப் பெருமையுடன் பாட்டியிடம் காட்டுகிறது. முதற்பகுதியில் பாட்டி குழந்தையிடமிருந்து மறைத்ததைக் குழந்தை இங்கே பாட்டியிடமே நீட்டுகிறது. ஆறாம் பகுதியில் பஞ்சாங்கத் தாள்களிலுள்ள சிறு நிலவுகள், யாரும் அறியாமல், கண்ணீரைப்போல் உதிர்ந்து குழந்தை வரைந்த பூம்பாத்தியில் விழுகின்றன. முடிப்பில் அதுவே நடவேண்டிய விதையாகிவிடுகிறது.

ஏழு முறை வரும் இச்சொல் முதல் இரண்டு முறை மட்டுமே உண்மையான கண்ணீர். பின்னர் நீர்த்துளி, தேநீர், பொத்தான், நிலவு, விதை என்று வேறு உருவங்களைப் பூணுகிறது. அழுகை அந்த அறையிலிருந்து வெளியேறவில்லை, பொருள்களுக்குள் புகுந்துகொண்டது. அழக்கூடாத வீட்டில் வளரும் குழந்தைக்கு உலகம் எப்படித் தோன்றுமோ அப்படி அந்தச் சமையலறை இருக்கிறது.

'வீடு' என்னும் சொல்லின் பயணம் இதற்கு மறுதலையானது. முதல் பகுதியின் முதலடியில் மழைக்கு நனையும் மெய்யான வீடாக அது நிற்கிறது. விதிப்படி அது ஆறாம் பகுதியின் கடைசி அடியைச் சேர வேண்டும். ஐந்தாம் பகுதியில் அது தாளில் வரைந்த வீடாக மாறுகிறது; அதன்பின் மெய்வீடு திரும்புவதில்லை. கவிதையின் கடைசிச் சொல்லும் வீடே. குழந்தை மீண்டும் ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறது. அந்த வீட்டின் பொருள் எவருக்கும் விளங்குவதாக இல்லை. ஆறு சொற்களும் இத்தனை முறை வந்தும் 'தாய்' என்னும் சொல் ஒருமுறையும் வரவில்லை. அதே ஆறு சொற்களுக்குள்ளேயே சுற்றிவரும் கட்டாயம், ஏழாவது சொல்லைச் சொல்ல வாயில்லாத வீட்டை வாசகருக்கு உணர்த்துகிறது. வடிவத்தின் சிறை இக்கவிதையில் மௌனத்தின் சிறையாகிறது.

ஒரு செஸ்டினா தோற்பதை அறியவும் இதே வழி உதவும். ஒரு சொல்லை மட்டும் எடுத்து அதன் ஏழு வருகைகளையும் தனியே எழுதிப் பார்க்க வேண்டும். ஏழிலும் அது ஒரே பொருளாகவே நின்றால் விதி நிறைவேறியிருக்கிறது, கவிதை நிகழவில்லை. ஏழிலும் தொடர்பற்ற ஏழு பொருள்களாகச் சிதறினால் அது சிலேடை வேடிக்கை. இரு பகுதிகளை இடம் மாற்றிப் படித்தும் இழப்பு எதுவும் தோன்றாவிட்டால், சொற்கள் சுழன்றனவே தவிர நகரவில்லை. பெரும்பாலும் தளர்ச்சி தென்படுவது நான்காம் பகுதியை ஒட்டி. புதுமை தீர்ந்து, முடிவு இன்னும் கண்ணுக்குத் தெரியாத இடம் அது. பிஷப் அவ்விடத்தில்தான் பாட்டியின் கோப்பையைக் கண்ணீரால் நிரப்புகிறார்.

தமிழில் இவ்வடிவத்தை இயற்ற முனைபவருக்குக் கூடுதலாக ஓர் இடர் உண்டு. திருவனந்தபுரத்தின் மற்றொரு மொழியான மலையாளத்துக்கும் அது பொருந்தும். இவ்விரு மொழிகளிலும் வாக்கியத்தின் இறுதி இயல்பாக வினைமுற்றுக்கு உரியது. பெயர்ச்சொல் அடியிறுதியில் நிற்க வேண்டுமானால் வாக்கியம் பெயர்ப் பயனிலையில் முடிய வேண்டும், அல்லது அடி முடிந்தும் வாக்கியம் முடியாமல் அடுத்த அடிக்குள் ஓட வேண்டும். இரண்டாம் வழியில் வேற்றுமை உருபு குறுக்கிடுகிறது. 'கண்ணீர்' என்பது 'கண்ணீரை', 'கண்ணீரால்', 'கண்ணீருக்கு' என்று ஆகும்போது சொல் ஒன்றா வேறா என்னும் கேள்வி எழும். ஆங்கிலத்தில் வேற்றுமைப் பொருளை உணர்த்தும் சொற்கள் பெயருக்கு முன்னால் தனித்து நிற்பதால் அடியிறுதிப் பெயர் மாறாமல் இருக்கிறது. தமிழில் அதே வேலையைச் செய்யும் உருபு பெயரின் வாலில் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு அந்தாதி மரபிலேயே ஒரு வழி இருக்கிறது. 'இன்றே' என்று முடிந்தது 'இன்று' என்று தொடங்குவதையும், 'உயர்வு' என்று தொடங்கியது 'உயர்ந்தே' என்று முடிவதையும் மரபு தொடர்ச்சியாகவே ஏற்றுக்கொண்டது. சொல்லின் வடிவம் சிறிது நெகிழலாம். அதன் உயிர் அறுபடக்கூடாது. இந்த இசைவைச் செஸ்டினாவுக்கும் அளித்தால், உருபு ஏற்ற ஆறு சொற்கள் தடையாக இராமல் துணையாகலாம். முதலில் 'கண்ணீர்' என்று எழுவாயாக நின்றது பின்னர் 'கண்ணீரால்' என்று கருவியாகவும், 'கண்ணீருக்கு' என்று கொடை பெறுவதாகவும் மாறினால், ஆங்கிலத்தில் வாசகர் ஊகித்தறிய வேண்டிய மாற்றம் தமிழில் சொல்லின் உடம்பிலேயே தெரியும்.

அனந்தபுரத்துக்குப் புறப்பட்டவரின் 'இன்று' ஒரே ஒரு முறை திரும்பி, ஒருவரின் முடிவைப் பலருக்கான அழைப்பாக்கியது. செஸ்டினா அதே திருப்பத்தை ஆறு சொற்களுக்கும் ஆறு பகுதிகள்தோறும் விதித்தது. அந்தாதியில் சொல் ஊர் சேர்கிறது. பிஷப்பின் சமையலறையில் அது வீட்டைவிட்டு வெளியே போக வழியின்றி, இருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றினுள்ளும் புகுந்து பார்க்கிறது.